வேதாளத்தின் நிழலும் குருட்டுக் கொக்கின் கழுத்தும்

பி.காம். படிக்கிறவனுக்குக் குழந்தைகள் படப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கூப்பிட்டது கணக்கு எழுதத்தான். அச்சகத்துக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. ஆனால் ஒரு கட்டத்தில் கணக்கைவிடப் படம்தான் பெரிய தலைவலியாகப் போனது. அந்தத் தலைவலியைத் தீர்க்கப் போய்க் கொஞ்சம் சரித்திரமும் படிக்க நேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டும் ரோலிங் மில்களும் இருப்பதால் பீகார், ஒரிசா என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களின் சின்னப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அங்கன்வாடிக்கு வருகின்றன. மூன்றிலிருந்து ஐந்து வயது. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. டீச்சர் அக்காவுக்கு இந்தி தெரியாது. அவர்களுக்காக நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து 16 பக்கத்தில் ஒரு படக்கதை போடலாம் என்று தீர்மானித்தோம். பழவேற்காடு ஏரியில் மூன்று பறவைகள்: ஒரு பூநாரை, ஒரு கூழைக்கடா, ஒரு குருட்டுக் கொக்கு. ஏரியில் தண்ணீர் வற்றுகிறது, மூன்றும் சாப்பாடு தேடிக் கிளம்புகின்றன. அவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு நாலைந்து வார்த்தைகள்தான் இருக்கும். மொழி தெரியாத பிள்ளைக்கு மீதிக் கதையைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படம் போட்டது என் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் இரண்டு விதமாகப் போட்டுக் கொண்டுவந்தாள். முதலாவது, அவள் தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த அம்புலிமாமாக்களைப் பார்த்துப் பழகிய கை. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது, அவள் அக்கா குழந்தைக்கு யாரோ பரிசாகக் கொடுத்த மிஃபி முயல் புத்தகத்தைப் பார்த்துப் போட்டது. வட்டத் தலை, உருண்டை உடம்பு, இரண்டு புள்ளிக் கண், அவ்வளவே. எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு கட்சி. நான் அம்புலிமாமா கட்சி. அச்சகத்தில் பிளேட் போட்டுவிட்டால் அப்புறம் மாற்றக் காசு கிடையாது என்பதால் முதலில் பிள்ளைகளிடம் காட்டிவிடுவோம் என்று முடிவாயிற்று.

நான் ஏன் அம்புலிமாமா கட்சி என்று சொல்ல வேண்டும். அது 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பிறகு பல மொழிகளுக்குப் பரவி, கடைசியில் 2013-ல் நின்றுபோனது. அதில் படம் வரைந்தவர்களில் இரண்டு பெயர்களை எல்லாரும் சொல்வார்கள்: சித்ரா, சங்கர். சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் 1924-ல் பிறந்தவர், 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். 2020-ல் காலமானார். மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் படம் அவர் கைவண்ணம். உருவிய வாள், தோளில் தொங்கும் சடலம், முன்னே எடுத்து வைத்த கால். சொல்லும்போதே உங்கள் கண்ணில் வந்திருக்கும்.

அங்கேதான் நான் யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. மூல வேதாளக் கதைகள் மொத்தம் 25-தான். அவை தீர்ந்த பிறகும் அதே சட்டத்துக்குள் புதுக் கதைகளை வைத்து அம்புலிமாமா பல வருடங்கள் ஓட்டியது. உள்ளே வரும் கதையில் ஒவ்வொரு மாதமும் வேறு ராஜா, வேறு மந்திரி, வேறு வியாபாரி. அவர்களெல்லாம் அந்த மாதத்தோடு சரி. அடுத்த பக்கத்தில் அடையாளம் தெரிந்தால் போதும், அதற்குத் தலைப்பாகையும் தாடியும் நகையுமே போதுமானவை. மாதாமாதம் திரும்பி வரும் ஆட்கள் இரண்டே பேர்தான், விக்கிரமனும் வேதாளமும். அந்த இரண்டு பேரும் ஒட்டி ஒரே உருவமாக இருக்கிறார்கள். ஒரு மனிதன், அவன் தோளில் குறுக்கே இன்னொரு உடம்பு. அந்தப் படத்தை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பினாலும், தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் வேறு யாராகவும் தெரியாது. இறகிறகாக வரைகிற நுணுக்கம் வேறு, ஒரு பாத்திரத்தை ஞாபகத்தில் நிற்க வைப்பது வேறு. நானும் என் தோழியும் பார்த்து வியந்தது முதலாவதை. மனசில் நின்றது இரண்டாவதால்.

இப்படி உள் விவரமில்லாமல் ஓரக்கோட்டால் மட்டும் தெரியும் கறுப்பு உருவத்துக்கு இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் சிலூயெட் என்று பெயர். நான் நிழலுரு என்றே எழுதுகிறேன். வணிகவியல் மாணவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு: எத்தியேன் தெ சிலூயெட் என்பவர் 1759-ல் சில மாதங்கள் பிரான்சின் நிதி அமைச்சராக இருந்தவர்! கஜானா காலி, வரியைப் போட்டுச் செலவைக் குறைத்ததில் எல்லாரிடமும் கெட்ட பெயர். மலிவான எதற்கும் அவர் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். காசு கொடுத்து உருவப்படம் தீட்ட முடியாதவர்கள் கறுப்புக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்ட நிழல் உருவத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்கனத்துக்கும் ஓவியத்துக்கும் இப்படி ஒரு உறவு :-)

சரி, பரீட்சைக்கு வருவோம். வெண்ணெய்த்தாளை மேலே வைத்து ஒவ்வொரு பறவையின் ஓரத்தையும் மட்டும் எடுத்து, உள்ளே இந்தியன் இங்க் நிரப்பி, ஜெராக்ஸ் கடையில் சுருக்கிக் கொண்டோம். வண்ணப் படத்தை டீச்சர் அக்கா கையில் பிடித்துக்கொள்வார். பிள்ளை வந்து சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்பு உருவங்களில் அதன் ஜோடியைத் தொட வேண்டும். இதற்குப் பாஷை தேவையில்லை.

முதல் வகை, என் கட்சி, மண்ணைக் கவ்வியது. கூழைக்கடாவை எல்லாரும் சரியாகத் தொட்டார்கள். பூநாரைக்கும் கொக்குக்கும் மாற்றி மாற்றித் தொட்டார்கள். பீகார்ப் பையன் ஒருவன் இரண்டையும் காட்டி 'பகுலா, பகுலா' என்றான். இந்தியில் பகுலா என்றால் கொக்கு. அவன் சொன்னது தப்பே இல்லை. நீளக் கால், நீளக் கழுத்து, நீள மூக்கு, கறுப்பில் இரண்டும் ஒன்றுதான். வண்ணப் படத்தில் ஒன்று ரோஜா நிறம், ஒன்று மண் நிறம், ஆகவே எங்களுக்குத் தெரியவில்லை. நிறம்தான் இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. மலிவான அச்சில் இளஞ்சிவப்பு வெளுத்துத்தான் வரும் என்று அச்சகத்து அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார்.

இரண்டாம் வகை ஜெயிக்கும் என்று எதிர்க்கட்சி துள்ளியது. அது இன்னும் மோசம். மூன்று பறவைக்கும் ஒரே வட்டத் தலை, ஒரே உருண்டை உடம்பு. கறுப்பில் மூன்று பூசணிக்காய்கள். மூன்றுக்கும் மூக்கு முகத்துக்கு நடுவே முன்னோக்கி இருந்ததால் அதுவும் கறுப்புக்குள் மறைந்துவிட்டது.

எளிமையாகப் போட்டால் அடையாளம் தானாக வரும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். மிஃபியின் சரித்திரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. டிக் ப்ரூனா நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்துக்காரர். அப்பாவின் பதிப்பகத்தில் நாவல்களுக்கு அட்டை வரைந்துகொண்டிருந்தவர். 1955-ல் முதல் முயல் புத்தகம் போட்டார். டச்சு மொழியில் அதன் பெயர் நெயின்ச்சே, குட்டி முயல் என்று பொருள். அந்த முதல் முயலைப் பார்த்தால் இன்றைய முயல் மாதிரியே இருக்காது. துணியில் தைத்த பொம்மை போல, காது கொஞ்சம் கோணலாக, தளர்ந்து இருக்கும். 1963-ல் அதையே அவர் திரும்ப வரைந்தார். காதுகள் இரண்டும் நேராக நிமிர்ந்தன, தலை சுத்தமான வளைவானது, கண் இரண்டு புள்ளி, வாய் ஒரு பெருக்கல் குறி. எந்தப் பக்கம் நடந்தாலும் முகம் வாசகரையே பார்க்கும். புத்தகமும் ஏறக்குறைய 15.5 செ.மீ. சதுரம், குழந்தை தானே தூக்கிக்கொள்ளும் அளவு.

அந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது காது. முகத்தில் இருந்ததை எல்லாம் எடுத்த மனிதர் காதை மட்டும் இன்னும் உறுதியாக்கினார். அவருடைய மற்ற மிருகங்களிலும் இதேதான். போரிஸ் என்ற கரடிக்கு வட்டக் காது, ஸ்னஃபி என்ற நாய்க்குத் தொங்கும் காது. காகிதத்தை வெட்டி வெட்டி வேலை செய்து பழகிய கை என்பதால் அவருக்கு ஓரக்கோடே படம். முகத்தைக் குறைத்தால் அந்த வேலையை ஓரம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் தோழி முகத்தைக் குறைத்தாள், ஓரத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள். 'அப்போ நான் போட்டதுல பாதிதான் ப்ரூனாவா?' என்று கேட்டாள். பாவம், அதற்குள் அவள் ஐம்பது அறுபது படம் போட்டிருந்தாள்.

அடுத்தது முகபாவம். ஒவ்வொரு பறவையையும் சந்தோஷம், அழுகை, பயம், கோபம், தூக்கம் என்று ஐந்து நிலையில் தனித்தனி அட்டையில் போட்டு, டீச்சர் அக்காவை அழுவது மாதிரி, பயப்படுவது மாதிரி நடிக்கச் சொன்னோம். பிள்ளை அதற்குரிய அட்டையை எடுக்க வேண்டும். (அக்கா நன்றாகவே நடித்தார். பிள்ளைகள் பாதி நேரம் அவரைப் பார்த்துச் சிரித்ததில் பரீட்சை தாமதமானது.)

பறவை முகத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. மனுஷ முகத்தில் உணர்ச்சியைச் சொல்வது புருவமும் உதடும். பறவைக்கு இரண்டும் கிடையாது, கண்ணும் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் முதல் வகையில் என் தோழி கூழைக்கடாவின் அலகுக்குள் பல் வரிசையோடு ஒரு சிரிப்பை வைத்து, கண்ணுக்கு மேல் புருவமும் ஒட்டியிருந்தாள். சிரிக்கிற கூழைக்கடா அட்டையை நீட்டியதும் ஒரு சின்னப் பெண் அக்காவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எங்களுக்குச் சிரிப்பாகத் தெரிந்தது அவளுக்குக் கடிக்க வருகிற வாய். சிரிப்புக்கும் கோபத்துக்கும் பல் தெரிகிறது. வித்தியாசத்தைச் சொல்லும் கன்னமும் கண் சுருக்கமும் பறவையிடம் இல்லை. இரண்டாம் வகையில் யாரும் பயப்படவில்லை. ஆனால் ஐந்து அட்டையும் ஒன்றுபோலவே இருந்ததால் கையில் கிடைத்ததை எடுத்தார்கள்.

இந்த இடத்திலும் ப்ரூனாவிடம் ஒரு பாடம் இருக்கிறது. 1996-ல் அவர் மிஃபியின் பாட்டி இறந்துபோவதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு மரணம்! அதிலும் அந்த முகம் மாறவில்லை, புள்ளிக் கண்ணும் பெருக்கல் குறியும் அப்படியே. கூட வருவது கண்ணீர்த் துளி மட்டும். அது போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் மடியில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டும் அம்மாவின் குரல் பாக்கியைச் சொல்லிவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் புரியாத பாஷையில் வரப்போகிறது. ஆகவே அந்த அளவு சிக்கனம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பயம் விஷயத்தில் இன்னொரு சரித்திரம். 1999-ல் இங்கிலாந்தில் வந்த கிரஃபலோ என்ற படப் புத்தகத்தில் ஒரு காட்டு மிருகம் வரும். எழுதியவர் ஜூலியா டொனால்ட்சன், வரைந்தவர் ஆக்ஸல் ஷெஃப்லர். ஷெஃப்லர் முதலில் போட்ட மிருகம் ரொம்பக் கொடூரமாக இருந்ததால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பதிப்பகத்தில் சொல்ல, அவர் அதைக் கொஞ்சம் உருண்டையாக, கொஞ்சம் அசடாக மாற்றினார். கொம்பும் பல்லும் நகமும் கதையிலேயே இருப்பதால் எடுக்க முடியாது. மாறியது உடம்பின் வடிவமும் பார்வையும்தான். நாங்கள் கூழைக்கடாவுக்குச் செய்ததும் அதுவே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் உட்கார்ந்து பறவைகளையே பார்த்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், என்ன செய்ய. குருட்டுக் கொக்கு என்று ஏன் பேர் வந்தது தெரியுமா? ஆள் கிட்டே போகும்வரை கண் தெரியாத மாதிரி அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்போது அதற்குக் கழுத்தே கிடையாது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கவிழ்த்த சட்டியில் கத்தியைச் செருகினாற்போல இருக்கும். நாங்கள் அதுவரை மற்ற கொக்குகளைப் போலக் கழுத்தை நீட்டியே போட்டிருந்தோம். அதன் உண்மையான உட்காரும் விதத்திலேயே தனி அடையாளம் இருந்திருக்கிறது.

மூன்றாவது வகை அங்கிருந்துதான் வந்தது. கொக்கு, குனிந்த ஒரு உருண்டை, குட்டைக் கால், நேர்க் கத்தி மூக்கு. பூநாரை, உடம்பைவிட நீளமான கால், வளைந்த கழுத்து, நடுவில் ஒடிந்தாற்போல் கீழே மடங்கும் அலகு. கூழைக்கடா, அகலமான படகு மாதிரி உடம்பு, அதன் முன்னால் தொங்கும் பை. மூன்றையும் பக்கவாட்டில்தான் போட்டோம், மூக்கு ஓரக்கோட்டில் தெரிய வேண்டும் என்பதற்காக. கண்ணை மட்டும் நிஜத்தைவிடப் பெரிதாக்கி, வெள்ளை விட்டு, ஒரு இமைக்கோடு வைத்தோம்.

உணர்ச்சியை முகத்திலிருந்து எடுத்து உடம்புக்குக் கொடுத்தோம். கொக்கு பயந்தால் கழுத்து குச்சி மாதிரி மேலே பாயும். கூழைக்கடாவுக்குப் பசி என்றால் பை சுருங்கித் தொங்கும், சந்தோஷம் என்றால் பை புடைத்திருக்கும், வாய் மட்டும் எப்போதும் மூடியே இருக்கும். பூநாரைக்குத் தூக்கம் என்றால் ஒற்றைக் கால், முதுகுக்குள் தலை. இவை எல்லாம் பறவைகள் உண்மையில் செய்வதற்கு ரொம்ப தூரமில்லை.

இதிலும் ஒரு ஓட்டை வந்தது. பயந்த கொக்கு கழுத்தை நீட்டியதும் அதன் நிழலுரு மறுபடி பூநாரைப் பக்கம் போய்விட்டது. கறுப்பாக்கிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தோம். ஆகவே ஒரு பாத்திரத்தைச் சும்மா நிற்கும் நிலையில் மட்டும் சோதித்தால் போதாது, கதையில் அது எடுக்கும் ஒவ்வொரு நிலையையும் கறுப்பாக்கிப் பார்க்க வேண்டும். கொக்கின் காலை இன்னும் குட்டையாக்கி, பயப்படும்போது தலைக்குப் பின்னால் நாலு இறகு சிலிர்த்து நிற்பதாக வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது, அல்லது அப்படி நினைத்தோம்.

கடைசியாக வயது. ஒரு பக்கத்தில் கூழைக்கடாவின் தலை மட்டும் பெரிதாக, உடம்பு பக்கத்துக்கு வெளியே போகிறாற்போல் போட்டிருந்தோம். சினிமா குளோசப் மாதிரி, எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம். ஐந்து வயசுப் பிள்ளைகள் ரசித்தார்கள். மூன்று வயசுக்காரன் ஒருவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்தான். மீதி உடம்பு எங்கே என்று கேட்கிறான்! அக்கா என்னிடம், 'தம்பி, சின்னதுங்களுக்கு முழுசா இருந்தாத்தான் அது உசுரோட இருக்கு' என்றார். ஆக, அந்தப் பக்கமும் போயிற்று. எல்லாப் பக்கத்திலும் மூன்று பறவையும் கால் முதல் தலை வரை முழுசாக வருமாறு மாற்றினோம். எட்டுப் பத்து வயது வாசகருக்கு அம்புலிமாமாவில் பாதி உருவம் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் கவலையில்லை, மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

மூன்றாம் வகையை வைத்துக் கறுப்புப் பரீட்சையை மறுபடி நடத்தினோம். ஏறக்குறைய எல்லாரும் சரியாகத் தொட்டார்கள். முகபாவ அட்டையில் பயம், தூக்கம், பசி மூன்றும் நன்றாக வந்தன. கோபம் மட்டும் கடைசி வரை சரியாக வரவில்லை. கோபப்படுகிற பூநாரையைப் பார்த்துப் பாதிப் பேர் அது ஆடுகிறது என்று நினைத்து எழுந்து கூட ஆடினார்கள். நேரமும் இல்லை, காசும் இல்லை. கதையிலிருந்து கோபத்தை எடுத்துவிட்டோம்.

பிளேட் போடக் கொடுத்த அன்று என் தோழி முதல் வகையில் வரைந்த பூநாரைப் படத்தை, இறகிறகாக இருந்ததை, என்னிடம் கொடுத்தாள். கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் எனக்கு அதுதான் அழகு. அன்று அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பெண் புத்தகம் வந்ததும் முதலில் கூழைக்கடா பக்கத்தைத் திறந்து, அதன் பையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாளாம்.